ஐந்து இலட்சம் ரூபாவை எந்தப் போகத்தில் போடுவது? மட்டக்களப்பு வயலுக்கு மூன்று வழிகள்

பெரும்போகம் ஒக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. அரசாங்கத்தின் கணக்கு வருடமோ டிசம்பர் 31இல் முடிகிறது. செய்துகாட்டல் துண்டங்களுக்கும் வயல் விழாக்களுக்கும் ஒதுக்கப்படும் பணத்தில் பாதி ஏன் வீணாகிறது என்று யாராவது கேட்டால், முதலில் இந்த இரண்டு திகதிகளைத்தான் சொல்வேன். விதைப்பு ஒரு வருடத்துப் பணத்தில் நடக்கிறது, அறுவடை அடுத்த வருடத்துப் பணத்தில் நடக்க வேண்டியிருக்கிறது. இடையில் ஜனவரி வருகிறது. புதிய வருடத்துக் கட்டுநிதி உடனே வராது. நெல் கதிர் முற்றி நிற்கும், அதை விவசாயிகளுக்குக் காட்டி விழா வைக்கக் காசு இருக்காது.

இந்தக் கட்டுரை ஒரு விவசாயப் போதனாசிரியர் பிரிவுக்கு ஐந்து இலட்சம் ரூபா கிடைத்தால் அதை எப்படிச் செலவழிக்கலாம் என்று மூன்று வழிகளை வைத்துப் பார்க்கிறது. இடம் படுவான்கரை. வவுணதீவு, ஆயித்தியமலை, கரடியனாறு, வெல்லாவெளி போன்ற ஒரு பிரிவை மனதில் வைத்துக்கொள்ளலாம். நோக்கம் ஒன்றே ஒன்று: பன்றிநெல்லைக் குறைப்பது. நோக்கத்தை இப்படி ஒன்றாகச் சுருக்காவிட்டால் எந்த வழி நல்லது என்று சொல்லவே முடியாது. "விவசாயிகளின் வாழ்வாதாரத்தை மேம்படுத்தல்" என்று மதிப்பீட்டில் எழுதினால் மூன்று வழியும் சரி என்றுதான் வரும்.

பன்றிநெல் என்பது களையாகிவிட்ட நெல். இலங்கையில் இது 1990களில்தான் பதிவாகத் தொடங்கியது. இன்று எங்கள் வயல்வெளிகளான வட்டைகளில் பலருக்கும் தலையிடி இதுதான். இளம் பயிராக இருக்கும்போது நெல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. பூக்கும் பருவத்தில்தான் நம்முடைய நெல்லை விட ஒரு சாண் உயர்ந்து, வெளிறிய இலையோடு, பல இடங்களில் நீண்ட மீசையோடு நிற்கும். கையால் மெதுவாகத் தட்டினால் மணி கொட்டும். அறுவடைக்கு முன்னரே பாதி விதை நிலத்தில் விழுந்துவிடுகிறது, அடுத்த போகத்துக்கு அங்கேயே காத்துக் கிடக்கிறது. அதுவும் நெல்லினம்தான் என்பதால், முளைத்து நிற்கும் பன்றிநெல்லை மட்டும் தேர்ந்து கொல்லக்கூடிய களைநாசினி நாம் விதைக்கும் சாதிகளுக்கு இல்லை. ஆகவே சுத்தமான விதை, நாற்றாக நடுதல், வயலில் தண்ணீரை நிறுத்தி வைத்தல் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது குறையும். எங்கள் பகுதியில் ஏறக்குறைய எல்லாரும் வீசி விதைப்பவர்கள். வீசி விதைத்த வயலில் முதல் பத்து நாளைக்குத் தண்ணீரை நிறுத்த முடியாது, நமது நெல்லே அழுகிவிடும். அந்தப் பத்து நாளில்தான் பன்றிநெல் முளைத்து வருகிறது.

இதற்கு நடைமுறையில் ஒத்துவரும் மாற்று, பரசூட் முறை. 434 குழிகள் கொண்ட பிளாஸ்ரிக் தட்டுகளில் அரித்த மண்ணைப் போட்டு, குழிக்கு இரண்டு மூன்று முளைவிதை இட்டு, 12 முதல் 15 நாள் வளர்த்து, சேறாக்கிய வயலில் மேலே எறிவது. வேரோடு ஒட்டிய மண் கட்டி பாரமாக இருப்பதால் நாற்று நேராக விழும். சதுர மீற்றருக்கு 30 நாற்று என்று வைத்தால் ஏக்கருக்கு 280 தட்டு போதும். விதை 10 முதல் 12 கிலோ. சிபாரிசுப்படி வீசி விதைத்தால் ஏக்கருக்கு இரண்டு புசல், அதாவது 41 கிலோ அளவில் வேண்டும். உண்மையில் பலர் மூன்று புசல் வீசுகிறார்கள். எறிந்து நாலைந்து நாளில் வேர் பிடித்ததும் தண்ணீரை ஏற்றிவிடலாம். நிலத்தில் கிடக்கும் பன்றிநெல் விதைக்கு மேலே தண்ணீர் நிற்கும், முளைப்பது குறையும். கொஞ்சம் முளைத்தாலும் அது நம்முடைய பயிரை விட இரண்டு கிழமை பிந்தியது.

கீழே வரும் விலைகள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை: அத்தாட்சிப்படுத்திய விதைநெல் கிலோ 150 ரூபா, தட்டு ஒன்று 100 ரூபா, ஒரு தடவை வயலுக்குப் போய் வர மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோலும் ஒயிலும் சேர்த்து 350 ரூபா. உங்கள் பிரிவின் விலையைப் போட்டுத் திருப்பிக் கணக்குப் பாருங்கள். விலை ஏறி இறங்கினாலும் வழிகளுக்கிடையிலான வித்தியாசம் பெரிதாக மாறாது.

முதல் வழி: முழுவதையும் விதைநெல்லாகக் கொடுப்பது

இதுதான் எல்லாருக்கும் பிடித்த வழி. கூட்டத்தில் யாரும் எதிர்க்க மாட்டார்கள். மூட்டைகளை அடுக்கி வைத்து, வரிசையாக ஆட்களை நிறுத்திக் கொடுத்தால் படமும் நன்றாக வரும். ஐந்து இலட்சத்துக்கு 3,333 கிலோ, அதாவது 160 புசலுக்குச் சற்று மேலே வாங்கலாம். சிபாரிசுப்படி இரண்டு புசல் வீதம் விதைத்தால் 81 ஏக்கர். மூன்று புசல் வீசுபவர்களின் கையில் அது 54 ஏக்கராகிவிடும்.

பட்டியலில் யாரையும் விட முடியாது என்பதால் கடைசியில் ஆளுக்கு ஒரு புசல் என்று வந்து நிற்கும். இரண்டரை ஏக்கர் வேளாண்மை செய்பவர் ஒரு புசலை என்ன செய்வார்? வீட்டில் வைத்திருக்கும் ஆறேழு புசலோடு கலந்து வீசுவார். அவருடைய நெல்லில் பன்றிநெல் மணி இருந்தால், சுத்தமான ஒரு புசலும் அதற்குள் கரைந்துவிடும். பன்றிநெல்லைக் குறைக்க வேண்டும் என்று தொடங்கிய செலவு, அவருக்கு ஒரு புசல் விதைச் செலவை மிச்சம் பிடித்துக் கொடுத்ததோடு நின்றுவிடுகிறது. அது தவறில்லை. ஆனால் அதை நிவாரணம் என்று எழுதுவதுதான் நேர்மை.

திகதிப் பிரச்சினையும் இங்கே உண்டு. போக ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதி குறித்த பிறகு, விலைமனுக் கோரி, கொள்வனவு முடித்து, லொறி வந்து சேரும்போது மேட்டுப் பக்கத்தில் விதைத்து முடித்திருப்பார்கள். பிந்தி வந்த மூட்டை கோழிக்கும் போகலாம், குத்தி அரிசியாகவும் மாறலாம், கடைக்காரருக்கும் போகலாம். மூட்டை இறங்கியதும் ஒவ்வொரு தொகுதியிலும் நூறு மணி எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி முளை பார்க்க வேண்டும். 85க்குக் கீழே முளைத்தால் அதைத் திருப்பி அனுப்பக் கேட்கலாம். ஆனால் நாளைக்கே விதைப்பு என்று ஆட்கள் வாசலில் நிற்கும்போது யார் திருப்பி அனுப்புவார்?

இந்த வழியை முற்றாகத் தள்ளிவிட மாட்டேன். மானாவாரிக் காணிக்கு வரும்போது மீண்டும் இதைத் தொடுகிறேன்.

இரண்டாம் வழி: பெரும்போகத்தில் இருபது துண்டங்கள்

மேலிடத்துக்குப் பிடித்த வழி இது. எண்ணிக்கை அறிக்கையில் அழகாகத் தெரியும். கால் ஏக்கர் வீதம் இருபது பேருக்குப் பரசூட் துண்டம். துண்டம் ஒன்றுக்குத் தட்டு 70க்கு 7,000, விதை 450, தட்டு நிரப்பவும் எறியவும் கூலி 3,000, பசளை 5,000, அறிவிப்புப் பலகை 3,000. சேர்த்தால் 18,450 ரூபா. இருபதுக்கு 369,000. ஒவ்வொன்றுக்கும் ஏழு தடவை போய் வந்தால் 140 பயணம், 49,000 ரூபா. மீதி 82,000 வயல் விழாவுக்கு.

தாளில் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. மூன்று இடத்தில் உடைகிறது.

முதலாவது, பசளை. பலகையில் மாதிரித் துண்டு என்று எழுதி, விதையும் பசளையும் கூலியும் நாமே கொடுத்தால், பக்கத்து வயல்காரர் அந்தத் துண்டத்தைத் தன் வயலோடு ஒப்பிடவே மாட்டார். "சேர், எல்லாம் நீங்கதானே குடுத்தயள், அப்ப வெள்ளாமை நல்லாத்தான் வரும். எங்களுக்கு ஆர் தருவா?" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. புதிய முறையின் பலனையும் இலவசப் பசளையின் பலனையும் அவரால் பிரித்துப் பார்க்க முடியாது. நம்மாலும் முடியாது.

இரண்டாவது, போதனாசிரியர் ஒருவர்தான் இருக்கிறார். 140 பயணத்துக்குப் பெற்றோல் காசு போட்டாயிற்று, அதற்கான நாட்களைப் போடவில்லை. பயணங்கள் போகம் முழுக்கச் சமமாகப் பரவியும் இருக்காது. ஒரே வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் இருபது பேரும் ஒரே கிழமையில் உழுவார்கள். தட்டு நிரப்பும் நாளிலும் எறியும் நாளிலும் ஆள் நிற்காவிட்டால் தவறு நடக்கும். குழியை விளிம்புக்கு மேலே நிரப்பி வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், பிறகு நாற்றைப் பிரித்து எறிய முடியாது. இருபது நாள் தாண்டிய நாற்றை எறிவார்கள், பயிர் வெடிக்காது. வரம்பு கட்டிய வரவையில் தண்ணீரை நிறைய விட்டு எறிவார்கள், நாற்று மிதந்து ஒரு மூலையில் போய்ச் சேரும். இருபது துண்டத்தில் ஏழெட்டு இப்படிக் கெட்டால், அந்த ஏழெட்டு வட்டையிலும் பரசூட் முறை சரிவராது என்று பேச்சு எழும். கெட்டுப்போன மாதிரித் துண்டம், துண்டமே வைக்காததை விடக் கெடுதல்.

மூன்றாவது, மழையும் கணக்கு வருடமும். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை எங்களுக்கு வெள்ளம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 2011 ஜனவரி வெள்ளமும் 2024 நவம்பர் வெள்ளமும் மட்டக்களப்பு வயல்களை எப்படி மூடின என்று எல்லாரும் பார்த்தோம். எறிந்த முதல் நாலு நாளில் அடைமழை பெய்தாலே நாற்று நகர்ந்துவிடும், வெள்ளம் தேவையில்லை. அதையும் தாண்டிப் பயிர் தப்பினால், பன்றிநெல் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது பூக்கும் பருவத்தில், ஜனவரியில். அப்போது அந்த 82,000 ரூபா இல்லை. டிசம்பர் 31ஆம் திகதி அது திறைசேரிக்குத் திரும்பியிருக்கும். திரும்பக் கூடாது என்று டிசம்பர் நடுப்பகுதியில் அவசரமாக ஒரு விழா வைத்தால், ஆட்கள் முழங்கால் உயரப் பச்சைப் பயிரைப் பார்த்து, வடையும் தேநீரும் எடுத்துக்கொண்டு போவார்கள். பார்த்துத் தெரிந்துகொள்ள அங்கே இன்னும் எதுவும் வந்திருக்காது.

மூன்றாம் வழி: சிறுபோகத்தில் நாலு துண்டங்கள், மீதி பெரும்போகத்துக்கு

சிறுபோகம் ஏப்ரல், மே மாதங்களில் விதைத்து ஓகஸ்ட் அளவில் அறுக்கிறோம். விதைப்பும் பூப்பும் அறுவடையும் ஒரே கணக்கு வருடத்துக்குள் வருகின்றன. அறுவடை முடிந்து பெரும்போக விதைப்புக்கு இடையில் ஒரு மாதத்துக்கு மேல் கிடைக்கிறது, அதுவும் அதே வருடம்தான். ஆகவே துண்டம், விழா, அதைப் பார்த்துவிட்டுச் செய்ய விரும்புபவருக்கு உதவி என்ற மூன்றையும் ஒரே ஒதுக்கீட்டில் முடிக்கலாம். நான் இந்த வழியின் பக்கம் நிற்பதற்கு முதல் காரணம் இதுதான்.

உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் போன்ற குளங்களின் கீழ் நாலு வட்டைகளை எடுங்கள். வட்டைக்கு ஓர் அரை ஏக்கர் துண்டம். அதே ஆளின் பக்கத்து வரவை, அவர் வழக்கம்போல வீசி விதைப்பது, அப்படியே ஒப்பீட்டுக்கு நிற்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே நெற்சாதி, ஒரே பசளை, ஒரே நாள் உழவு. பசளையும் உழவும் அவருடைய செலவு. நாம் கொடுப்பது அவரிடம் இல்லாததை மட்டும்: 140 தட்டு 14,000, ஆறு கிலோ விதை 900, முதல் தடவைக் கூலி 6,000, பலகை 3,000. கிட்டத்தட்ட 24,000 ரூபா. நாலுக்கு 96,000. இப்போது பக்கத்து வயல்காரர் கேட்கும் கேள்வி மாறும். "தட்டு எங்க எடுக்கலாம் சேர்?" என்று கேட்பார்.

ஆளைத் தெரிவு செய்வதில் ஒரு விஷயம். காணி போடியாருடையதாக இருக்கலாம், வயலில் நிற்பவர் முல்லைக்காரராக இருப்பார். போடியாரிடம் மட்டும் பேசித் துண்டத்தை வைத்தால், தட்டுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியவருக்கு இதில் என்ன இலாபம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இருவரையும் ஒன்றாக இருத்திப் பேச வேண்டும். துண்டம் வீதியோரத்தில் அல்லது வாய்க்கால் கட்டோரத்தில் இருந்தால் நல்லது, ஏனெனில் வட்டைக்குப் பொறுப்பான வட்டவிதானை நாளும் அந்த வழியால்தான் போவார். அவர் வாயால் வரும் ஒரு சொல்லுக்கு எங்கள் பலகை பத்து ஈடாகாது.

நாலு துண்டம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் பதினாலு தடவை போகலாம். மொத்தம் 56 பயணம், 20,000 ரூபாவுக்குள் முடியும். குருமண்வெளியில் வாவியைக் கடக்கும் பாதைக்குக் காத்து நிற்கும் நேரத்தையும் சேர்த்தாலும் ஓர் ஆளால் முடிக்கக்கூடிய வேலை. இந்தச் சிறு தொகையைத்தான் முதலில் வெட்டுவார்கள். அபிவிருத்திப் பணத்தில் பயணம் எப்படி வரும், அது மீண்டெழும் செலவல்லவா என்று கணக்குப் பிரிவு கேட்கும். மதிப்பீடு எழுதும்போதே கண்காணிப்புச் செலவு என்று தனி வரியாக வைத்து அனுமதி எடுத்துவிட வேண்டும். நடுப்போகத்தில் பணத்தை ஒரு செலவு வாக்கிலிருந்து இன்னொரு வாக்குக்கு மாற்றக் கேட்டால், கடிதம் போய்ச் சேருமுன் நெல் முற்றிவிடும்.

வயல் விழா துண்டத்துக்கு இரண்டு. முதலாவது எறிந்து 25 நாள் அளவில், அயலில் உள்ள முப்பது பேரோடு, தேநீர் மட்டும், 6,000 ரூபா. கூடாரமும் வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம். இரு வரவையிலிருந்தும் ஒவ்வொரு மூடு பிடுங்கி, கழுவி, மட்டம் எத்தனை வெடித்திருக்கிறது என்று அவர்களே எண்ணட்டும். இரண்டாவது கதிர் முற்றும் பருவத்தில், அறுபது பேர், சாப்பாட்டோடு 22,000. நாலு வட்டைக்கும் இரண்டும் சேர்த்து 112,000 ரூபா.

இரண்டாவது விழாவை எப்படிச் செய்வது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், பணம் எல்லாம் இங்கேதான் பலன் தரும் அல்லது தராமல் போகும். ஒரு மீற்றர் சதுரச் சட்டம் ஒன்றைத் தடியால் செய்து கொண்டுபோங்கள். வந்தவர்களை ஐந்து குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் இரண்டு வரவையிலும் தாங்கள் விரும்பிய இடத்தில் சட்டத்தை வைத்து, உள்ளே எத்தனை பன்றிநெல் கதிர் என்று எண்ணிச் சொல்லட்டும். இடத்தை நாம் காட்டக் கூடாது, காட்டினால் நம்ப மாட்டார்கள். எண்ணிக்கையைப் பலகையில் எழுதுபவரும் அவர்களில் ஒருவராக இருக்கட்டும்.

பிறகு விளைச்சல். இரண்டு மீற்றருக்கு இரண்டரை மீற்றர், ஐந்து சதுர மீற்றர், ஒவ்வொரு வரவையிலும் மூன்று இடத்தில் வெட்டி, அங்கேயே அடித்துத் தூற்றி நிறுக்க வேண்டும். உதாரணமாக, சராசரி இரண்டரை கிலோ வந்து ஈரப்பதன் 20 வீதம் இருந்தால், அதை 14 வீதத்துக்குக் கொண்டுவர 80ஆல் பெருக்கி 86ஆல் வகுத்தால் 2.33 கிலோ. ஏக்கர் 4,047 சதுர மீற்றர் என்பதால் அது 1,880 கிலோவுக்குச் சற்று மேல், ஏறத்தாழ 92 புசல். ஈரத்தைக் கழிக்காமல் சொன்னால் ஏழு புசல் கூடிவிடும். களத்தில் நிற்கும் அனுபவசாலி ஒருவர் உடனே பிடித்துவிடுவார். அத்தோடு வரம்போரத்திலிருந்து இரண்டு மீற்றராவது உள்ளே தள்ளி வெட்ட வேண்டும், ஓரப் பயிர் எப்போதும் செழிப்பாக இருக்கும்.

விளைச்சல் வித்தியாசம் சில வட்டைகளில் பெரிதாக வராது. அதை மறைக்க வேண்டாம். பரசூட்டின் இலாபம் விதையில் ஏக்கருக்கு 30 கிலோ அளவில் குறைவதிலும், அடுத்த போகத்துக்கு நிலத்தில் விழும் பன்றிநெல் குறைவதிலும் இருக்கிறது. கூலி கூடும் என்பதையும் அதே பலகையில் எழுதி விடுங்கள். எழுதாவிட்டால் வீட்டுக்குப் போகும் வழியில் அவர்களே கணக்குப் பார்ப்பார்கள், நாம் சொன்ன மற்றதையும் சந்தேகிப்பார்கள்.

விழா கெடும் இடம் ஒன்றுதான்: விருந்தினரின் திகதி. பிரதம விருந்தினருக்கு வசதியான நாளுக்காக ஒரு கிழமை தள்ளினால் பன்றிநெல் மணியெல்லாம் கொட்டிவிடும், எண்ணக் கதிர் இருக்காது. வெட்டு மெசினும் நமக்காக நிற்காது. ஒரு வட்டைக்கு மெசின் இறங்கினால் அந்தக் கண்டம் முழுவதையும் வெட்டிக்கொண்டுதான் போகும், துண்டத்து ஆளும் அதை விட்டால் பிறகு வாடகைக்கு மெசின் தேடி அலைய வேண்டும். ஆகவே விழாத் திகதியைப் பயிரைப் பார்த்துக் குறியுங்கள், வரக்கூடிய விருந்தினர் வரட்டும்.

இதுவரை செலவு 228,000. மீதி 272,000 ரூபாவைச் செப்டெம்பரில் திறக்க வேண்டும், விழாவுக்கு வந்து பெயர் கொடுத்தவர்களுக்காக. இங்கேதான் முதல் வழியின் விதை திரும்ப வருகிறது, வேறு உருவில். 240 கிலோ விதைக்கு 36,000. 2,300 தட்டுக்கு 230,000. சிறுபோகத்துத் தட்டு 560உம் கையில் இருக்கிறது, ஆக 2,860. ஒரே நேரத்தில் பத்து ஏக்கருக்கு நாற்றுப் போடலாம். பதினைந்து நாளில் தட்டு விடுபடும், ஆகவே விதைப்புக் காலத்துக்குள் இரண்டு சுற்று வரும். இருபது ஏக்கர், அரை ஏக்கர் வீதம் நாற்பது பேர். தட்டுகளைத் தனி ஆட்களுக்குக் கொடுக்காமல் கமக்காரர் அமைப்பின் இருப்புப் புத்தகத்தில் ஏற்றுங்கள். கவனமாகக் கழுவி நிழலில் அடுக்கினால் பல போகத்துக்கு வரும், வெயிலில் போட்டால் ஒரு போகத்தில் வெடித்துவிடும். ஆறாயிரம் ரூபா மிச்சம் இருக்கிறது, ஏதாவது ஒன்று நிச்சயம் கூடிச் செலவாகும்.

நாற்பது பேரின் அரை ஏக்கரும் அவர்களுடைய அடுத்த போக விதைக்காணி. அதில் இருபது புசலைச் சுத்தமாக எடுத்து வைத்தாலே ஒருவருக்குப் பத்து ஏக்கருக்கு விதை. இதற்கு இரண்டு நிபந்தனை. பூக்கும் பருவத்தில் அரை ஏக்கருக்குள் இறங்கி உயர்ந்து நிற்கும் பன்றிநெல்லை மூட்டோடு பிடுங்கி வரம்புக்கு வெளியே போட வேண்டும், கதிரை மட்டும் ஒடித்தால் திரும்ப வெடிக்கும். மற்றது மெசின். பக்கத்து வயலை வெட்டிவிட்டு அப்படியே உள்ளே இறங்கும் மெசினின் தொட்டியிலும் சல்லடையிலும் பன்றிநெல் மணி இருக்கும், அது வயலுக்கு வயல் பரவும் முக்கிய வழிகளில் அதுவும் ஒன்று. விதைக்கென வைக்கும் துண்டை ஒன்றில் கையால் வெட்டுங்கள், அல்லது மெசின் முதலில் இரண்டு சுற்று வெட்டும் நெல்லை உணவுக்கு ஒதுக்கிவிட்டு அதற்குப் பிறகு வருவதை விதைக்கு எடுங்கள்.

இந்த வழி எங்கே சரிவராது

வாகரைப் பக்கத்திலும் படுவான்கரையின் உட்புறத்திலும் குளமில்லாத மானாவாரிக் காணிகள் நிறைய. அங்கே சிறுபோகமே இல்லை. மழைக்கு முன்னே புழுதியில் விதைத்துவிடுவார்கள். சேறாக்கி நாற்று எறிவதற்குத் தண்ணீரைக் கட்டுப்படுத்தவும் முடியாது. உன்னிச்சையின் கீழ் நடந்த துண்டத்தை அவர்களுக்குக் காட்ட பஸ் பிடித்துக் கொண்டுபோனால், நல்ல பயணமாக இருக்கும், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட பிரிவுக்கு முதல் வழிதான் நல்லது, ஆனால் உருவத்தை மாற்ற வேண்டும். 160 பேருக்கு ஒரு புசல் என்றில்லாமல், இருபது பேரைத் தெரிந்து ஆளுக்கு இரண்டு புசல் கொடுங்கள், ஒரு ஏக்கரைத் தனியாக விதைக்காணியாக வைக்கும் உடன்பாட்டோடு. அது 123,000 ரூபா. மூட்டை ஓகஸ்ட் கடைசிக்குள் இறங்க வேண்டும். மீதியில் அந்த இருபது காணியையும் பார்க்கும் பயணத்துக்கு வைக்கலாம். பன்றிநெல் பிடுங்கும் வேலை ஜனவரியில் வரும் என்பதால் அதற்கான கூலியை அடுத்த வருட மதிப்பீட்டின் முதல் வரியாக எழுதிவிட வேண்டும். இது மூன்றாம் வழியளவு பலன் தராது, ஆனால் மானாவாரியில் செய்யக்கூடியது இதுதான்.

குளத்துக் காணிகளிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. சில வருடங்களில் குளத்து நீர் போதாமல் சிறுபோகக் காணியின் பரப்பைக் குறைப்பார்கள். ஆகவே நாலு துண்டத்துக்கும் ஆளை உறுதி செய்வது ஆரம்பக் கூட்டத்துக்குப் பிறகுதான். அதற்கு முன்னே செய்யக்கூடியது தட்டு வாங்குவது. முந்திய வருடத்து டிசம்பரில் எந்த வாக்கிலாவது பணம் மிஞ்சி, திரும்பப் போகிறதே என்று எல்லாரும் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போது, விதையும் பசளையும் வாங்கிக் களஞ்சியத்தில் கெட வைக்காமல், கெடாத பொருட்களை வாங்குங்கள்: தட்டு, தராசு, ஈரப்பதன்மானி, படங்கு. மார்ச்சில் கட்டுநிதி பிந்தினாலும் ஏப்ரலில் நாற்றுப் போடலாம்.

பலன் வந்ததா என்று பார்ப்பது இரண்டாவது பெரும்போகத்தில், நம்முடைய உதவி ஒன்றும் இல்லாதபோது. நாற்பது பேரில் பத்துப் பேராவது தாங்களே கூலி கொடுத்து, அமைப்பிலிருந்து தட்டு எடுத்து, அரை ஏக்கரை விடக் கூடுதலாகச் செய்திருந்தால் அடுத்த வட்டைக்குப் போகலாம். இரண்டு மூன்று பேர்தான் என்றால், காரணம் பெரும்பாலும் தட்டு நிரப்பும் கூலியாகத்தான் இருக்கும். அப்போது இன்னும் தட்டு வாங்குவதில் பயனில்லை. அந்தக் காசை நாற்று நடும் மெசின் வாடகைக்கு மாற்றி, அதே நாலு வட்டையில் சிறுபோகத்தில் திரும்பத் துண்டம் வைத்துப் பார்க்க வேண்டும்.